நெற்றியில் நின்ற கறுப்பு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தொழிலில் அதுதான் எனக்கு வினை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு முன்வழுக்கை என்றால், "கவலய விடுங்க, வீடியோவுல முடி முளைச்சிரும்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். சொன்னதைச் செய்தும் காட்டுவேன். தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு முஸ்லிம் நானாவின் புடவைக் கடைக்கு மேல்மாடியில் என் ஸ்டூடியோ. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் தேர் என்று எடுத்து வெட்டி ஒட்டிக் கொடுத்தே பதினொரு வருஷம் ஓட்டிவிட்டேன். அத்தனையிலும் ஒரு பதினாலு செக்கன் வீடியோ மட்டும் என்னை இன்னும் விடவில்லை.

அந்த வீடியோவில் இருக்கிற அக்காவைக் கூட்டிவந்தவன் ஒரு ஏஜென்ட். வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் பெண்களைப் பிடித்து அனுப்புகிறவன். அதற்கு முன்பும் நாலைந்து பேரை என்னிடம் கூட்டிவந்திருக்கிறான். வேலை சின்ன வேலைதான். பெண் கமராவுக்கு முன்னால் நின்று பெயர், வயது, என்ன என்ன வேலை தெரியும் என்று பாடம் பண்ணியதைச் சொல்ல வேண்டும். அந்த வீடியோவை அங்கேயுள்ள வீட்டுக்கார அம்மாமார் போனில் பார்த்து, புடவை தெரிவு செய்கிற மாதிரி ஆளைத் தெரிவு செய்வார்கள். தலையில் துணி போடக் கூடாது, முடி தெரிய வேண்டும் என்பது அவர்கள் போட்ட சட்டம். தலை சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார்களாம்.

அக்கா லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். அன்றைக்கு அரை நாள் கொழுந்தெடுத்துவிட்டு, முகம் கழுவி, நல்ல சேலை கட்டி வந்திருந்தார். வயது நாற்பத்திரண்டு. முகத்தைப் பார்த்தால் முப்பத்தைந்து சொல்லலாம். தலையைப் பார்த்தால் அறுபது. ஒரு கறுப்பு முடி கிடையாது. முப்பது வயதிலேயே நரைக்கத் தொடங்கிவிட்டதாம். கொழுந்துக் கூடையின் கயிறு வருஷக்கணக்கில் அழுத்தி, உச்சியில் வகிடு மாதிரி ஒரு பள்ளம் வேறு.

"நரையப் பாத்தா கிழவின்னு தள்ளிருவாங்க தம்பி. நீங்கதான் கறுப்பாக்கணும்" என்றான் ஏஜென்ட்.

"கீழ கடையில டை பவுடர் பக்கெட் விக்கிதே, அத அடிச்சிட்டு வந்தா முடிஞ்சிது" என்றேன் நான்.

அக்கா சட்டென்று தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, டை எனக்கு ஆகாது தம்பி. மச்சினன் கல்யாணத்துக்கு ஒரு தடவ போட்டேன். மறுநாள் மூஞ்சி வீங்கி, கண்ணு ரெண்டும் மூடி, மூச்சு விட ஏலாம போயிருச்சு. ஆஸ்பத்திரியில மூணு நாள். இன்னொரு தடவ தொட்டா உசிரு தங்காதுன்னு டொக்டர் சொல்லித்தான் அனுப்புனாரு."

"அதெல்லாம் ஒண்ணும் தேவையில்லக்கா. இவரு கம்ப்யூட்டர்ல பாத்துக்குவாரு" என்றான் ஏஜென்ட்.

என் நீண்ட வாய் சும்மா இருக்குமா? "பயப்படாதீங்கக்கா. உங்க தலையில ஒரு சொட்டுகூடப் படாது" என்றேன்.

இந்தப் பேச்சு நடக்கும்போதே கமரா ஓடிக்கொண்டிருந்தது. அது என் பழக்கம். கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்தில் பட்டனைத் தேடி ஒரு தடவை ஏச்சு வாங்கியதிலிருந்து, ஆள் வந்து நின்றதுமே அழுத்திவிடுவேன். பிறகு முன்னும் பின்னும் உள்ள வெட்டிப் பேச்சைக் கழித்துவிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

அக்கா ஜன்னலோரம் நின்று பாடத்தை ஒப்பித்தார். ஒன்பதாவது செக்கனில், பழக்கதோஷத்தில், காதோர முடியை விரலால் ஒதுக்கிவிட்டுக்கொண்டார். வெளியே மிஸ்ட் மூட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே தடவையில் எடுத்து முடித்தோம்.

அவர் படியிறங்கிப் போன பிறகு ஏஜென்டிடம் கேட்டேன். "அங்க போயி எறங்குனா நரை தெரியுமே?"

"அங்க எந்நேரமும் தலையில துணிதான் தம்பி. யாரு அவுத்துப் பாக்கப் போறா?"

இது சரியில்லை என்று அப்போதே எனக்குள் ஒன்று சொன்னது. அதன் வாயை நானே பொத்தினேன். அக்காவின் புருஷன் ஃபெக்டரியில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தார். மகள் ஏ.எல். படிக்கிறாள். போக வேண்டும் என்று அக்காவே நிற்கும்போது குறுக்கே விழ நான் யார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வேலையை அரைமணியில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நிறம் மாற வேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு வேலி போட வேண்டும். வேலிக்குள் இருப்பது மட்டும் கறுக்கும், வெளியே இருப்பது அப்படியே நிற்கும். எங்கள் தொழிலில் அதற்கு மாஸ்க் என்று பெயர். என் கம்ப்யூட்டரில் முடி எது, முகம் எது என்று தானாகவே கண்டுபிடிக்கிற வசதி இருக்கிறது. அதைத் தட்டிவிட்டு, கறுப்பாக்கி, ஏஜென்டுக்கு அனுப்பினேன்.

அடுத்த நாள் காலையிலேயே வந்து நின்றான். "என்ன தம்பி இது, மண்டையில பல்பு எரிஞ்சு அணையிற மாதிரி இருக்கு? அங்க இருக்கிற ஒப்பிஸ்ல பாத்த ஒடனே கண்டுபிடிச்சிட்டாங்க. இப்பிடி எடிட் தெரியிற வீடியோ வேணாங்கிறாங்க."

ஓடவிட்டுப் பார்த்தேன். மானம் போயிற்று. ஒரு செக்கனுக்கு இருபத்தைந்து படம், பதினாலு செக்கனுக்கு முந்நூற்றைம்பது. அந்த வசதி ஒவ்வொரு படத்திலும் முடியைப் புதிதாகத் தேடுகிறது. போன படத்தில் என்ன செய்தோம் என்ற ஞாபகமே அதற்கு இல்லை. ஒரு படத்தில் காதோர முடி வேலிக்குள், அடுத்ததில் வெளியே. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரி. ஓடவிட்டால் தலை கொதித்துக்கொண்டிருந்தது. போதாததற்கு, மிஸ்ட் ஜன்னலை மூடித் திறக்கும்போதெல்லாம் கமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்திருந்தது. அதனால் கறுப்பும் ஒருநேரம் சாம்பலாகவும் ஒருநேரம் மையாகவும் மாறி மாறித் தெரிந்தது.

அங்கேயே விட்டிருக்கலாம். "ஏலாது, கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா இன்றைக்கும் காலைப் பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுத்து, கொழுந்து எடுத்துக்கொண்டு இருப்பார். ஆனால் எவனோ முகம் தெரியாதவன் என் வேலையைப் பிடித்துவிட்டான் என்பதுதான் எனக்கு உறைத்தது. "ரெண்டு நாள் தாங்க. அவங்கப்பன் வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான்" என்றேன்.

முதலில் மொத்த வீடியோவின் வெளிச்சத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு முகம் நேராகத் தெரிகிற ஒரு படத்தை நிறுத்தி, முடியைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வேலியை நானே வரைந்தேன். அந்தப் புள்ளிகள் தலையோடு சேர்ந்து நகர வேண்டும். அங்கிருந்து முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, படத்துக்குப் படம் கம்ப்யூட்டரைப் பின்தொடரச் சொல்லிவிட்டு, வழுக்குகிற இடத்திலெல்லாம் நிறுத்திக் கையால் இழுத்துச் சரிபண்ணினேன்.

ஒன்பதாவது செக்கன்தான் கழுத்தை அறுத்தது. அக்காவின் கை முடிக்கு மேலே வந்ததும் வேலி முடியை விட்டுவிட்டு விரல்களைப் பிடித்துக்கொண்டது. விரல் ஐந்தும் நுனியிலிருந்து கறுத்தன. கை முகத்தின் குறுக்கே இறங்கியதும், வேலியும் அதோடு இழுபட்டுவந்து நெற்றியில் இறங்கி நின்றது. இரண்டே படம். வலது புருவத்துக்கு மேலே தீய்ந்த மாதிரி ஒரு கறுப்புத் தீற்று. எழுந்துபோய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்துதான் திரும்பக் கை வைத்தேன்.

கைக்குத் தனியாக ஒரு வேலி போட்டு, முடி வேலியிலிருந்து அதைக் கழித்தேன். கை விலகியபின் புதிதாக வரைந்து அங்கிருந்து தொடரவிட்டேன். ஓரங்களைக் கொஞ்சம் கரைத்து, முன்படம் பின்படத்தோடு சராசரி பார்த்து நடுக்கத்தை அடக்கினேன். நிறத்தையும் பூசவில்லை. பூசினால் தார் மாதிரி இருக்கும். முடியின் வெளிச்சத்தை மட்டும் கீழே இறக்கி, மினுக்கம் விழுகிற இடத்தை மினுங்க விட்டு, முந்நூற்றைம்பது படத்துக்கும் ஒரே அளவை வைத்தேன். கூடைக் கயிற்றின் பள்ளத்தையும் நிரப்பினேன். ஓடவிட்டுப் பார்த்தால், அடேயப்பா, அசையவில்லை. கறுப்பு அவர் தலையிலேயே பிறந்த மாதிரி இருந்தது. எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

கையெழுத்து வைக்கிற வேலையாக டவுனுக்கு வந்த அக்கா அதைப் பார்த்தார். இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னார். பிறகு சிரித்தார்.

"இவ என் தங்கச்சி மாதிரி இருக்கா தம்பி. இவள அனுப்பிட்டு நான் இங்கனயே இருந்துக்கவா?"

நானும் சிரித்தேன். நானா கடையில் வாங்கிய கறுப்புத் தலைத்துணி ஒன்று அவர் பையில் எட்டிப்பார்த்தது. அதைத் தொட்டுக் காட்டி, "இத மட்டும் கழட்டவே மாட்டேன்" என்றார். அடுத்த மாதம் போய்விட்டார்.

மகள் வந்தது, அவர் போய் ஏழெட்டு வாரம் கழித்து, ஒரு முற்பகலில். ஸ்கூல் உடுப்போடு படியேறி வந்து மூச்சு வாங்க நின்றாள். போனை நீட்டினாள். அம்மா அனுப்பிய ஒன்பது செக்கன் வீடியோ. "நான் நல்லா இருக்கேன்டி. யோசிக்காத. அப்பாவுக்கு நேரத்துக்கு மருந்து குடு." தலையில் துணி இல்லை. முடி கறுப்பு.

"அண்ணா, இது நீங்க பண்ணுனதுதானே? நீங்க இல்லாட்டியும் போன்லயே பண்றாங்கதானே இப்ப? கம்ப்யூட்டர் கறுப்புதானே, சொல்லுங்க."

என்ன நடந்தது என்று கேட்டேன். குளித்துவிட்டு வரும்போது வீட்டுக்கார அம்மா தலையைப் பார்த்துவிட்டாராம். வீடியோவில் கறுப்பு, ஆளில் வெள்ளை, என்னை ஏமாற்றிவிட்டீர்கள் என்று ஏஜென்டுக்கு போன் அடித்துக் கத்தினாராம். ஏஜென்ட் அக்காவுக்கு போன் எடுத்து, "வீடியோவுல இருந்த மாதிரி இருக்கணும். டை அடி, இல்லாட்டி உன் செலவுல திரும்பி வா" என்றானாம். இதை அழுதுகொண்டே குரல் மெசேஜில் சொன்ன அம்மா, மறுநாள் இந்த வீடியோவை அனுப்பியிருக்கிறார். அது முந்தாநாள். அதற்குப் பிறகு போன் அடித்தால் எடுக்கவில்லை.

"எனக்குப் பயம் வரக்கூடாதுன்னு சும்மா கறுப்பாக்கி அனுப்பியிருக்கும்தானே அண்ணா? டை போட்டிருக்காதுதானே?"

வீடியோவை என் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். கறுப்பு ஓரிடத்திலாவது விட்டுத் தெரிய வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். ஒரே ஒரு படத்தில் வேலி வழுக்கியிருந்தால் போதும். காதோரத்தில் ஒரு முடி வெள்ளையாக எட்டிப்பார்த்தால் போதும். அக்கா பொய் சொல்லியிருக்கிறார், கடவுளே நல்ல பொய் என்று அவள் தலையைத் தடவி அனுப்பிவிடலாம்.

படம் படமாக நகர்த்தினேன். பறக்கிற ஒற்றை முடிகூடக் கறுப்பாகவே பறந்தது. கை முடிக்கு முன்னால் வந்து போனது. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. கயிற்றுப் பள்ளத்தில் தலைத்தோலும் கறுத்திருந்தது. கடைசியில் அதைப் பார்த்தேன். வலது புருவத்துக்கு மேலே, முடி தொடங்குகிற இடத்தில், ஒரு கறுப்புத் தீற்று.

வேலி வழுக்கியதுதான் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன், பாவி. அடுத்த படத்துக்குப் போனேன். இருந்தது. அதற்கடுத்தது. இருந்தது. முதல் படத்திலும் இருந்தது, கடைசிப் படத்திலும் இருந்தது. அவர் புருவத்தை உயர்த்தும்போது தோலோடு சேர்ந்து அதுவும் சுருங்கி விரிந்தது. மாஸ்க் வழுக்கினால் இரண்டு மூன்று படத்தில் வந்து மறையும், இல்லாவிட்டால் ஊர்ந்து நகரும். இது தோலில் ஊறியது. என் பழைய வீடியோவைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். இதில் இமை இரண்டும் கனத்து, கண்கள் சின்னதாகியிருந்தன.

"சொல்லுங்கண்ணா."

"நிஜ டைதாம்மா" என்றேன். "மூஞ்சியும் வீங்கத் தொடங்கிருச்சு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "ஏஜென்ட் கைய விரிக்கிறாரு. அம்மாவுக்கு டை ஆகாதுன்னு யாருமே எங்கிட்ட சொல்லலங்கிறாரு. நாங்க பேசுனதுக்கு என்ன சாட்சி இருக்கு?" என்றாள்.

எடுத்தது எதையும் நான் அழிக்க மாட்டேன். கல்யாணம் முடிந்து ஐந்து வருஷம் கழித்து வந்து, செத்துப்போன மாமாவின் முகம் வேண்டும் என்று கேட்பார்கள். அதனால் அக்காவின் முழு வீடியோவும் இருந்தது. வெட்டாதது, நரையோடு. தேடி எடுத்து ஓடவிட்டேன்.

மேசைத் திரையில் அவள் அம்மா வெள்ளைத் தலையோடு வந்து நின்றார். தலையில் கைவைத்துக்கொண்டார். "டை எனக்கு ஆகாது தம்பி... இன்னொரு தடவ தொட்டா உசிரு தங்காதுன்னு..." ஏஜென்டின் குரல் தெளிவாகக் கேட்டது. அதற்கு அடுத்தாற்போல் இன்னொரு குரல், மண்டைக்கனம் பிடித்த குரல். "பயப்படாதீங்கக்கா. உங்க தலையில ஒரு சொட்டுகூடப் படாது."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலை.

அவளுக்காக அதைக் கொப்பி பண்ணும்போது என் கை தானாக வெட்டுகிற இடத்துக்குப் போனது. ஏஜென்டின் குரலோடு நிறுத்திவிடலாம். நாலு செக்கனைக் கழித்தால் நான் யாருக்கும் தெரியாதவன். அந்த நினைப்பு எனக்கு வந்தது உண்மை. வெட்கக்கேடு. அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டாமல் முழுசாகக் கொடுத்தேன். அன்றைக்கே கடையை மூடிவிட்டு அவளோடு பஸ் ஏறினேன்.

வெளிநாட்டு வேலைக்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோரின் மாவட்டக் கிளையில் ஒரு சிங்கள ஐயா அதை மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தார். கடைசிக் குரல் யாருடையது என்று கேட்டார். "மகே, சேர்" என்றேன். என்னுடையது என்று சொல்ல அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது. அவர் எழுதிக்கொண்டார். பிறகு அங்கேயும் இங்கேயும் போன் அடித்தார். சாயங்காலம் அளவில் தகவல் வந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மூச்சுக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். உயிர் இருக்கிறது. அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை.

அந்த நாட்களில் நான் ஒரு வீடியோவும் வெட்டவில்லை. கீழே பஸ் வந்து நிற்கிற ஒவ்வொரு தடவையும் மகள் வருகிறாளோ என்று ஜன்னலுக்குப் போவேன். வராமல் இருக்க வேண்டும் என்றும் நினைப்பேன்.

அக்கா திரும்பி வந்தார். ஒருநாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். ஏஜென்ட் மேல் விசாரணை நடக்கிறது, ஆனால் அவரால் கொழும்பு வரை பயணம் பண்ண முடியாது. வாக்குமூலத்தை வீடியோவாகவும் கொடுக்கலாம் என்றார்களாம். நான் கதிரையை ஜன்னலோரம் போட்டேன். அதே இடம். வேறு வெளிச்சம் என் ஸ்டூடியோவில் இல்லை.

உட்கார்ந்ததும் தலைத்துணியைக் கழற்றினார். பின்பக்கம் முழுக்கத் தோல் உரிந்து ஆறிய தழும்பு. அங்கே இனி முளைக்காதாம். முன்னால் மட்டும் அரை விரல் உயரத்துக்குப் புது முடி வந்திருந்தது. சுத்த வெள்ளை.

அவர் கமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "இதுல ஒண்ணும் பண்ணிர மாட்டியே தம்பி?" என்றார். கோபமில்லை. உண்மையிலேயே பயந்து கேட்டார்.

பயப்படாதீங்கக்கா என்று நாக்கு நுனி வரை வந்தது. அதை நான் ஏற்கனவே ஒரு தடவை அவருக்குச் சொல்லியிருக்கிறேன். கமராவை அணைத்தேன். மகளைக் கூப்பிட்டு, "நீயே உன் போன்ல எடும்மா. என் கை பட வேணாம்" என்றேன். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

கதவுக்குப் பின்னால் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டது கேட்டது. பேசத் தொடங்கினார். "எனக்கு டை ஆகாதுன்னு நான் மொதல்லயே சொன்னேன். ரெண்டு பேர்கிட்ட சொன்னேன்."